ரீசார்ஜோடு வரும் நெட்ஃபிளிக்ஸ்: திட்டம் மாறினால் என்ன ஆகும்?

2023 ஆகஸ்டில் ஜியோ, நெட்ஃபிளிக்ஸைத் தன் ப்ரீபெய்டு திட்டங்களோடு சேர்த்து விற்கத் தொடங்கியது. அதற்கு முன்பு மொபைல் எண்களில் மாதாமாதம் பில் கட்டும் போஸ்ட்பெய்டு வாடிக்கையாளர்களுக்குத்தான் அந்த வசதி இருந்தது. 84 நாளுக்கு ஒருமுறை ரீசார்ஜ் செய்யும் குடும்பங்களுக்கும் நெட்ஃபிளிக்ஸ் வந்து சேர்ந்தது அப்போதுதான். கூடவே ஒரு குழப்பமும் வந்தது. அடுத்த முறை வேறு திட்டத்துக்கு ரீசார்ஜ் செய்தால், பார்த்துக்கொண்டிருந்த தொடர் பாதியில் நின்றுவிடுகிறது. காசு கட்டியிருக்கிறோமே, ஏன் ஓடவில்லை என்று கடைக்காரரிடம் போய் நிற்கிறார்கள். கோளாறு எதுவும் இல்லை. இந்த ஏற்பாடே அப்படித்தான் இயங்குகிறது.

முதலில் விலையைப் பார்ப்போம். 2024 ஜூலையில் கட்டணங்கள் உயர்ந்தபோது, நெட்ஃபிளிக்ஸின் மொபைல் சந்தாவோடு வரும் 84 நாள் திட்டத்தின் விலை 1,299 ரூபாய் ஆனது. தினம் 2 ஜிபி டேட்டா. அதே 84 நாள், அதே 2 ஜிபி, ஆனால் நெட்ஃபிளிக்ஸ் இல்லாத திட்டம் 859 ரூபாய். வித்தியாசம் 440. நெட்ஃபிளிக்ஸிடம் நேராகப் போனால் அந்த மொபைல் சந்தா மாதம் 149 ரூபாய். மூன்று மாதத்துக்கு 447. ஆக, விளம்பரத்தில் இலவசம் போலத் தோன்றினாலும் சந்தாவின் காசை நாம்தான் கட்டுகிறோம், ரீசார்ஜ் தொகைக்குள் வைத்து. 84 நாள் என்பது முழுதாக மூன்று மாதம்கூட இல்லை என்பதையும் சேர்த்துக்கொண்டால் இதில் லாபம் எதுவும் இல்லை. ஒரே இடத்தில் கட்டி முடிக்கலாம் என்ற வசதி மட்டும் உண்டு.

இனி உள்ளே நடப்பது. இங்கே இருப்பவை இரண்டு தனித்தனிக் கணக்குகள். ஒன்று, ஜியோவிடம் உள்ள உங்கள் எண்ணின் கணக்கு. மற்றது, மின்னஞ்சலோ கைபேசி எண்ணோ கொடுத்து நீங்கள் திறந்த நெட்ஃபிளிக்ஸ் கணக்கு. ரீசார்ஜ் செய்ததும் இரண்டும் தானாகச் சேர்ந்துவிடுவதில்லை. மைஜியோ செயலியைத் திறந்து, நெட்ஃபிளிக்ஸ் சலுகையைத் தொட்டு, அங்கிருந்து நெட்ஃபிளிக்ஸ் பக்கத்துக்குப் போய் உள்நுழைய வேண்டும். அந்தக் கணத்தில்தான் ‘இந்தக் கணக்குக்கான காசை இனி ஜியோ கொடுக்கும்’ என்று நெட்ஃபிளிக்ஸின் பதிவில் ஏறுகிறது.

பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தைத் தாய்மாமன் கட்டுவது போல இதை நினைத்துக்கொள்ளலாம். பள்ளிப் பதிவேட்டில் இருப்பது பிள்ளையின் பெயர். கட்டுபவர் மட்டும்தான் மாமன். அவர் கட்டுவதை நிறுத்தினாலும் பெயர் பதிவேட்டில் இருக்கும். அடுத்த தவணையை யார் கட்டுவது என்பதுதான் கேள்வி. அதனால்தான் திட்டம் மாறும்போது உங்கள் ப்ரொஃபைல், பார்த்த பட்டியல், சேர்த்து வைத்த படங்கள் எதுவும் உடனே அழிவதில்லை. பார்க்கும் உரிமை மட்டும் நிற்கிறது.

ஓர் உதாரணம். ஒரு வீட்டில் ஜூன் 1 அன்று 1,299 ரூபாய்க்கு ரீசார்ஜ் செய்கிறார்கள். 84 நாள் ஆகஸ்ட் 23 அன்று முடிகிறது. முடியும் முன்பே, ஆகஸ்ட் 20 அன்று, வீட்டில் யாரோ 859 ரூபாய் திட்டத்தைப் போட்டுவிடுகிறார்கள். புதுத் திட்டம் உடனே தொடங்காது. பழையது முடியும்வரை வரிசையில் காத்திருக்கும். ஆகவே அடுத்த மூன்று நாளும் நெட்ஃபிளிக்ஸ் வழக்கம்போல ஓடும். எல்லோரும் சரியாகத்தான் இருக்கிறது என்று நினைப்பார்கள். பழைய திட்டம் முடிந்து புதியது தொடங்கியதும் அழைப்பு போகும், டேட்டா ஓடும், நெட்ஃபிளிக்ஸ் மட்டும் கட்டண முறையைச் சேர்க்கச் சொல்லும். ரீசார்ஜ் செய்த நாளுக்கும் படம் நின்ற நாளுக்கும் இடைவெளி விழுவதால்தான் பலருக்குக் காரணம் பிடிபடுவதில்லை. பயணத்துக்கென்று முன்பே பதிவிறக்கி வைத்த படங்களும் திறக்காது. கோப்பு போனில் இருந்தாலும் அதைத் திறக்கும் அனுமதி சந்தாவோடு கட்டப்பட்டது.

திட்டத்தில் ஒரு படி இறங்கினாலும் இதே போன்ற ஒன்று நடக்கும். அதே 2024 கணக்கில் 1,799 ரூபாய் திட்டத்தோடு வருவது நெட்ஃபிளிக்ஸின் பேசிக் சந்தா. அதை டிவியில் பார்க்கலாம். 1,299 திட்டத்தின் மொபைல் சந்தா போனிலும் டேப்லெட்டிலும் மட்டும்தான் ஓடும். டிவிக்கு அனுப்பிப் பார்க்கவும் முடியாது. செலவைக் குறைக்க 1,799-லிருந்து 1,299-க்கு இறங்கும் வீட்டில் போனில் எல்லாம் சரியாக இருக்க, டிவி மட்டும் மறுக்கும். டிவி கெட்டுவிட்டது என்று மெக்கானிக்கை அழைக்கும் முன் ரீசார்ஜ் ரசீதைப் பாருங்கள்.

எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றினால், அதாவது போர்ட் செய்தால், கதை இன்னும் சுருக்கம். எண் உங்களோடு வரும். பழைய திட்டத்தில் மீதமிருந்த நாளும் அதோடு ஒட்டியிருந்த சந்தாவும் வராது. போர்ட் செய்வதாக இருந்தால் திட்டம் முடியும் தறுவாயில் செய்வதே புத்திசாலித்தனம்.

எனக்கு உண்மையில் கவலை தருவது இதற்கு எதிர்ப்பக்கம்: நின்றுபோகாமல் ஓடிக்கொண்டே இருக்கும் சந்தா. ஜியோ வழியாகச் சேரும் முன்பே சிலர் கார்டையோ யுபிஐ ஆட்டோபேயையோ கொடுத்து நெட்ஃபிளிக்ஸ் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள். அந்தக் கட்டண முறை கணக்கிலேயே தங்கியிருந்தால், ஜியோ கட்டுவதை நிறுத்தியதும் பில் அந்தப் பக்கம் திரும்பலாம். படம் நிற்காததால் யாரும் கவனிப்பதில்லை. இன்னொரு வழியிலும் காசு போகும். இணைக்கும்போது பழைய மின்னஞ்சலுக்குப் பதிலாக வேறொன்றைக் கொடுத்துவிட்டால் புதிதாக இன்னொரு கணக்கு திறந்துவிடும். புதுக் கணக்குக்கு ஜியோ கட்டும், பழைய கணக்குக்கு உங்கள் வங்கி கட்டிக்கொண்டிருக்கும். நெட்ஃபிளிக்ஸைத் திறந்ததும் பழைய ப்ரொஃபைல்களும் பாதியில் விட்ட தொடர்களும் இல்லாமல் வெறுமையாக இருந்தால், இதுதான் நடந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

இதைக் கண்டுபிடிக்க இரண்டு வழி உண்டு. தானாகப் பணம் எடுக்கும் முன் 24 மணி நேரத்துக்கு முன்பாகவே வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்தக் குறுஞ்செய்தி விளம்பரங்களுக்கு நடுவே வந்து விழும், படிக்காமல் தள்ளிவிடாதீர்கள். மற்றொன்று, பிரவுசரில் நெட்ஃபிளிக்ஸைத் திறந்து Account பக்கத்துக்குப் போவது. கட்டணம் யார் வழியாகப் போகிறது என்பது அங்கே இருக்கும். ஜியோவின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கார்டின் கடைசி நான்கு எண்கள் இருந்தால், காசு உங்கள் பையிலிருந்து போகிறது.

ஆகவே ரீசார்ஜ் முடியும் வாரத்தில் இரண்டு வேலை செய்யுங்கள். புதிய திட்டத்தின் விவரத்தில் சந்தாவின் பெயரோடு அது மொபைலா பேசிக்கா என்பதையும் வாசித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். நெட்ஃபிளிக்ஸ் இனி வேண்டாம் என்று முடிவு செய்திருந்தால், திட்டத்தை மாற்றியதோடு விடாமல் நெட்ஃபிளிக்ஸ் கணக்குக்குள் போய்ச் சந்தாவையும் நீங்களே ரத்து செய்யுங்கள்.