ஏப்ரல் செலவு ஏப்ரலிலேயே தெரிய

மாதக் கடைசியில் பட்ஜெட்டையும் உண்மைச் செலவையும் ஒப்பிடும்போது, பணம் போன தேதியை வைத்துக் கணக்கிட்டால் அறிக்கை தவறாகக் காட்டும். ஓர் அலுவலகம் ஆண்டுக் காப்பீட்டுக்கு ஏப்ரல் முதல் தேதி ரூ.1,20,000 கட்டுகிறது. பட்ஜெட்டில் மாதம் ரூ.10,000. சரிக்கட்டாவிட்டால் ஏப்ரலில் ரூ.1,10,000 மிகைச் செலவு தெரியும். அந்தத் தொகையை ‘முன்கூட்டிச் செலுத்திய செலவு’ என்ற சொத்துக் கணக்குக்கு மாற்றி, மாதாமாதம் ரூ.10,000 செலவில் எழுத வேண்டும்.

மின்கட்டணம் இதற்கு நேர்மாறு. இரண்டு மாதத்துக்கு ஒரு பில். பட்ஜெட் மாதம் ரூ.20,000. ஏப்ரல் 30 அன்று மீட்டரைப் பார்த்து, ரூ.22,000 ஆகியிருக்கும் என மதிப்பிட்டு, மின்கட்டணத்தில் பற்றும் ‘கொடுபட வேண்டிய செலவில்’ வரவும் எழுதலாம். சென்ற ஆண்டுத் தொகையை அப்படியே போடுவதைவிட இது நம்பகமானது. மே முதல் தேதி அந்தப் பதிவைத் திருப்பிப் போட வேண்டும். பிறகு ரூ.46,000 பில் வந்தால் மே செலவு ரூ.24,000 என நிற்கும்.

பலரும் சறுக்குவது திருப்புப் பதிவில்தான். அது விடுபட்டால் இரு மாதச் செலவு ரூ.68,000 ஆகிவிடும். பில்லைப் பதிந்த பிறகும் கொடுபட வேண்டிய செலவில் ரூ.22,000 நிலுவை நின்றால், காரணம் அதுதான்.