உப்பு வேண்டுமா, தண்ணீர் வேண்டுமா?

கலவைகளைப் பிரித்தல் பாடத்தின் பயிற்சித்தாளில் ‘உப்புக் கரைசல்’ என்ற சொல்லைப் பார்த்ததுமே மாணவர்கள் ‘ஆவியாக்கல்’ என்று எழுதிவிடுகிறார்கள். கேள்வியின் கடைசிச் சொல்லையும் படித்த பிறகுதான் விடையை முடிவுசெய்ய வேண்டும். உப்பைப் பெற வேண்டுமென்றால் ஆவியாக்கல் போதும், தண்ணீர் போனால் போகட்டும். தண்ணீரைப் பெற வேண்டுமென்றால், எழும் நீராவியைக் குளிரவைத்துச் சேகரிக்க வேண்டும். அது காய்ச்சி வடித்தல். கரைசல் ஒன்றுதான், ஆனால் கேட்கும் பொருளைப் பொறுத்து முறை மாறுகிறது.

மணலும் உப்பும் கலந்திருந்தால் ஒரே முறை போதாது. ஒவ்வொன்றும் 10 கிராம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் திண்மம் என்பதால் அப்படியே வடிகட்ட முடியாது. உப்பு தண்ணீரில் கரையும், மணல் கரையாது. இந்த வேறுபாட்டைத்தான் பயன்படுத்த வேண்டும். 50 மில்லி தண்ணீர் ஊற்றிக் கலக்கி வடிகட்டினால் மணல் வடிதாளில் தங்கும், உப்புநீர் கீழே இறங்கும். அதை ஆவியாக்கினால் உப்பு கிடைக்கும். அறை வெப்பநிலையில் 100 மில்லி தண்ணீரில் சுமார் 36 கிராம் உப்பு கரையும் என்பதால், 50 மில்லியில் 10 கிராம் தாராளமாகக் கரைந்துவிடும். அதே தண்ணீரில் 20 கிராம் உப்பைப் போட்டால் 2 கிராம் கரையாமல் மணலோடு நின்றுவிடும். நன்றாக உலர்ந்த பிறகும் மணலின் எடை கூடுதலாக இருந்தால், அதில் உப்பு ஒட்டியிருக்கிறது என்று பொருள். வடிதாளில் இருக்கும் மணல்மீது கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கழுவி, அந்த நீரையும் வடிநீரோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஆவியாக்கல் எல்லாக் கரைபொருளுக்கும் ஒத்துவராது. சர்க்கரைக் கரைசலை அடுப்பில் வற்றவிட்டால் சர்க்கரை பழுப்பாகிக் கருகும். மயில்துத்தக் கரைசலை முழுக்கக் காய்ச்சினால் படிகத்துக்குள் இருக்கும் நீரும் வெளியேறி, நீலம் போய் வெள்ளைத் தூள் மிஞ்சும். நீலப் படிகம் வேண்டுமென்றால் பாதியளவு வற்றியதும் இறக்கி ஆறவிட வேண்டும். பயிற்சித்தாளில் ‘படிகம்’ என்ற சொல் வந்தால் படிகமாக்கலே சரியான விடை.

ஒன்றோடொன்று கலந்த இரண்டு திரவங்களுக்குக் கொதிநிலையைப் பார்க்க வேண்டும். எத்தனால் 78 டிகிரி செல்சியஸில் கொதிக்கும், தண்ணீர் 100 டிகிரியில். இடைவெளி குறைவாக இருப்பதால் எத்தனால் ஆவியோடு நீராவியும் கலந்தே வரும். அதனால்தான் இங்கே பின்னக் காய்ச்சி வடித்தல் தேவைப்படுகிறது. அதிலும் ஏறக்குறைய 96 சதவீதத்துக்கு மேல் எத்தனால் தூய்மையாகாது.

பேனா மையில் உள்ள சாயங்கள் எல்லாமே கரைந்திருப்பவை, அளவும் மிகக் குறைவு. வடிகட்டினால் தாளைத் தாண்டிப் போய்விடும். காய்ச்சினால் ஒன்றாகவே காயும். தாளோடு எது அதிகம் ஒட்டுகிறது, கரைப்பானோடு எது அதிகம் ஓடுகிறது என்பதில்தான் அவை வேறுபடுகின்றன. அதற்கு வண்ணப்பிரிகை. தாளின் அடியில் கோடு போட வேண்டியது பென்சிலால். பேனாவால் போட்டால் கோட்டின் மையும் சேர்ந்து ஏறும். மைப்புள்ளி தண்ணீருக்குள் முங்கினால் சாயம் பாத்திரத்திலேயே கரைந்துவிடும். அழியாத மார்க்கர் மையை வைத்தால் புள்ளி நகராது. அதைப் பார்த்து ‘ஒரே சாயம்தான் உள்ளது’ என்று எழுதக்கூடாது. அந்த மை தண்ணீரில் கரையவில்லை, அவ்வளவுதான். ஆல்கஹாலை வைத்துத் திரும்பச் செய்து பார்க்க வேண்டும்.