ஒரு பில்லரை எடுத்தால் செலவு ஏன் கூடுகிறது?

வீட்டின் வரைபடம் மாறும்போதெல்லாம் வீட்டுக்காரருக்கு ஒரு பக்கத்தில் திருத்தக் கடிதம் எழுதுவேன். என்ன மாறியது, ஏன், செலவு எவ்வளவு கூடுது, குறையுது என்பதுதான் அதில் இருக்கும். இந்த மூன்றும் போதாதுன்னு ஒரு ஹால் பில்லர் எனக்குக் கற்றுக்கொடுத்தது.

ஹால் நடுவில் நிற்கும் பில்லர் வேண்டாம் என்றார் வீட்டுக்காரர். நான் எழுதியது ஒரே வரி: "ஹால் பீம் 230 × 380 மிமீ-லிருந்து 230 × 600 மிமீ, கூடுதல் ரூ. 9,000." உடனே போன் வந்தது. "பில்லரை எடுத்தா செலவு குறையணுமே சார், எப்படி கூடுது?"

நியாயமான கேள்வி. நடுவில் பில்லர் இருந்தவரை பீம் 3 மீட்டர், 3 மீட்டராக இரண்டு தாண்டு தாண்டியது. இப்போது ஒரே தாண்டில் 6 மீட்டர். அதே பாரத்துக்கு நீளம் இரண்டு மடங்கானால் வளைக்கும் விசை சுமார் நான்கு மடங்காகும். தொய்வு இன்னும் வேகமாக ஏறும். அதனால்தான் பீமின் ஆழம் கூடுது. நடுப் பில்லர் சுமந்த பாரம் இரண்டு ஓரப் பில்லர்களுக்கும் போவதால் அவற்றின் அஸ்திவாரமும் பெரிதாகிறது.

கடிதத்தைத் திருப்பி எழுதினேன். நிகரத் தொகையை மட்டும் போடாமல் கூட்டலையும் கழித்தலையும் தனித்தனியாகக் காட்டினேன்:

பீமில் கூடுவது: ரூ. 10,000
ஓரப் பில்லர், அஸ்திவாரத்தில் கூடுவது: ரூ. 9,500
எடுத்த பில்லர், அதன் அஸ்திவாரத்தில் மிச்சம்: ரூ. 10,500
நிகரக் கூடுதல்: ரூ. 9,000

மிச்சத்தைக் காட்டாவிட்டால், அந்த 10,500 எங்கே போச்சுன்னு யாருக்கும் சந்தேகம் வரும்.

முதல் கடிதத்தில் நான் விட்ட பெரிய விஷயம் வேறு. தரையிலிருந்து ஸ்லாபின் மேல்மட்டம் 3 மீட்டர். பழைய பீமின் அடியில் 2.62 மீட்டர் இடைவெளி இருந்தது, புதியதில் 2.40 மீட்டர்தான். அதாவது ஹாலுக்குக் குறுக்கே பீம் ஏறத்தாழ ஒன்பது அங்குலம் கூடுதலாகத் தொங்கும். "600 மிமீ" என்று படித்தவருக்கு இது கண்ணில் தெரியாது. சென்ட்ரிங் பிரித்த அன்றுதான் தெரியும். அதையும் எழுதி, ஹாலின் வெட்டுத்தோற்றத்தைக் கையால் வரைந்து சேர்த்தேன்.

கடைசியாக ஒரு கெடு: "அஸ்திவார கான்கிரீட் போடும் முன் முடிவு சொல்லவும்." போட்டுவிட்டால் அந்த மிச்சத்தில் பெரும்பகுதி போய்விடும், ஓர அஸ்திவாரங்களைப் பெரிதாக்க உடைத்து வேலை செய்யணும். அப்போது 9,000 என்ற கணக்கே செல்லாது.

இரண்டாவது கடிதத்தைப் படித்துவிட்டு அவர் சொன்னார்: "பில்லர் இருக்கட்டும் சார். சோபாவை அந்தப் பக்கம் போட்டுக்கிறோம்."