விலை மைனஸில் போனால் அலர்ட் வருமா?

அமெரிக்காவின் டபிள்யூ.டி.ஐ. கச்சா எண்ணெயின் மே மாத ஒப்பந்தம், 2020 ஏப்ரல் 17 வெள்ளிக்கிழமை பீப்பாய்க்கு 18.27 டாலரில் முடிந்தது. திங்கட்கிழமை முடிந்த விலை மைனஸ் 37.63 டாலர். ஊரடங்கில் எண்ணெய்க்குக் கிராக்கி இல்லை. ஓக்லஹோமாவின் குஷிங் கிடங்குகளில் இருந்த இடமும் பெரும்பாலும் முன்பதிவாகிவிட்டது. ஒப்பந்தமோ மறுநாள் காலாவதி. எண்ணெயை இறக்கி வைக்க வழியில்லாதவர்கள், கைப்பணம் கொடுத்து அதைத் தள்ளிவிட்டார்கள்.

விலைச் சரிவைச் சொல்லும் ஸ்கிரிப்டை எழுதுகிறவர்கள் இந்த ஒரு நாளை வைத்து அதைச் சோதித்துப் பார்ப்பது நல்லது. வேலை எளிமையானது: குறித்த இடைவெளியில் விலையை எடுத்துச் சேமிக்க வேண்டும், முந்தைய பதிவோடு ஒப்பிட வேண்டும், சரிவு 10 சதவீதத்தைத் தொட்டால் செய்தி அனுப்ப வேண்டும்.

பலரும் இதில் ஒரு பாதுகாப்பு வரியைச் சேர்ப்பார்கள்: விலை பூஜ்யமோ அதற்குக் கீழோ வந்தால் ஒதுக்கிவிடு. இணையத் தொடர்பு அறுந்தால் விலை 0 என்று பதிவாகிப் பொய் அலர்ட் கிளம்பும் என்ற பயம்தான் காரணம். பயம் நியாயமானது, ஆனால் அந்த வரி அன்றைய மைனஸ் விலைகள் எல்லாவற்றையும் குப்பையில் போட்டிருக்கும். விலை கிடைக்காதபோது 0 எழுதாமல் `None` என்று பதிந்து, சற்றுப் பொறுத்து மறுபடி எடுப்பதே சரி.

அடுத்த சிக்கல் மறுநாள் வருகிறது. ஏப்ரல் 21 அன்று அதே ஒப்பந்தம் 10.01 டாலரில் முடிந்தது. அதாவது 47.64 டாலர் ஏற்றம். வழக்கமான `(old - new) / old` கணக்கில் மேலும் மைனஸ், கீழும் மைனஸ், விடை 1.27. விலை ஏறிய நாளில் "127 சதவீதச் சரிவு" என்று செய்தி போகும்! வகுக்கும் எண்ணின் குறியை நீக்கினால் தீர்ந்தது:

```python
def fall(old, new):
    if old is None or new is None or old == 0:
        return None
    return (old - new) / abs(old)
```

பழைய விலை பூஜ்யமாக இருந்தால் சதவீதத்துக்கே பொருளில்லை. பூஜ்யத்தை ஒட்டிய விலைகளிலும் சதவீதம் தாறுமாறாகும். அங்கே "5 டாலர் இறங்கினால்" என்று தொகையாகவே எல்லை வைக்கலாம்.

முந்தைய பதிவோடு மட்டும் ஒப்பிடுவதும் போதாது. ஐந்து நிமிடத்துக்கு 4 சதவீதம் வீதம் ஐந்து முறை இறங்கினால் மொத்தம் 18 சதவீதத்துக்கு மேல் போய்விடும். 10 சதவீத எல்லை ஒரு முறைகூட விழிக்காது. அதனால் கடந்த 24 மணி நேரத்தின் உச்ச விலையோடும் ஒப்பிட வேண்டும்.

இத்தனை செய்தாலும் பதிவுகளுக்கு நடுவே நடப்பது ஸ்கிரிப்டுக்குத் தெரியாது. இந்தியாவின் எம்.சி.எக்ஸ். சந்தை அன்று ஊரடங்கால் மாலை 5 மணிக்கே மூடியது. ஏப்ரல் ஒப்பந்தத்தின் கடைசி விலை சுமார் 965 ரூபாய். அமெரிக்க விலை அதன் பிறகுதான் பாதாளத்தில் விழுந்தது. எம்.சி.எக்ஸ். அந்த ஒப்பந்தத்துக்குப் பின்னர் நிர்ணயித்த தீர்வு விலை மைனஸ் 2,884 ரூபாய்.