பத்துக்குப் போக மீதி தொண்ணூறு

தொண்ணூறுகளின் கடைசியில் கேரளத்து ஊராட்சிகளில் தையல் மிஷினுக்குத் திடீர் மவுசு வந்தது. ஆட்டுக்குட்டிக்கும் கோழிக்குஞ்சுக்கும் அதே கதைதான். 1996 ஆகஸ்டில் அந்த மாநிலம் மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கி, மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாக உள்ளாட்சிகளின் கையில் கொடுத்தது. கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது. ஒவ்வொரு ஊராட்சியும் நகராட்சியும் தன் திட்ட நிதியில் குறைந்தது 10 சதவீதத்தைப் பெண்களுக்கான திட்டங்களுக்கு ஒதுக்கியாக வேண்டும்.

பணம் வந்துவிட்டது, ஆனால் அதை எதற்குச் செலவழிப்பது என்பது பலருக்குப் புரியவில்லை. முதல் ஆண்டில் மாநில அளவில் அந்தப் பத்தை எட்டவே முடியவில்லை. பெண்களுக்கு என்று தனியாக ஏதாவது கொடுக்க வேண்டும் என்றதும் அதிகாரிகளின் நினைவுக்கு வந்தவை தையல், ஆடு, கோழி ஆகியவைதான். பயனாளிகள் பட்டியல் தயாரிப்பது எளிது, பொருளைக் கையில் கொடுத்துப் புகைப்படம் எடுப்பதும் எளிது. ஒரே ஊரில் இருபது தையல்காரிகள் உருவானால் துணி தைக்கக் கொடுப்பவர் யார் என்ற கேள்வியைப் பல இடங்களில் யாரும் கேட்கவில்லை.

கணக்கில் இன்னொரு வழியும் இருந்தது. ஓர் ஊராட்சியின் திட்ட நிதி ஒரு கோடி ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பெண்களுக்குப் பத்து லட்சம் காட்ட வேண்டும். அந்த ஆண்டு 20 லட்சத்தில் ஒரு சாலை போடுகிறார்கள். சாலையில் ஊரே நடக்கிறது, ஊரில் பாதிப் பேர் பெண்கள், எனவே அதில் பாதியான பத்து லட்சம் பெண்களுக்கான செலவு என்று எழுதிவிடலாம். புதிதாக ஒரு ரூபாயும் செலவாகவில்லை, சாலையும் எப்படியும் போடப்பட்டிருக்கும். ஏட்டில் மட்டும் நிபந்தனை நிறைவேறிவிடும்.

இந்த வித்தையை ஊராட்சிகள் மட்டும் செய்யவில்லை. மத்திய அரசு 2005-06 முதல் பட்ஜெட்டோடு பாலின பட்ஜெட் அறிக்கை ஒன்றையும் வெளியிடுகிறது. முழுக்கப் பெண்களுக்கான திட்டங்கள் அதில் ஒரு பிரிவு, குறைந்தது 30 சதவீதம் பெண்களுக்குப் போகும் திட்டங்கள் மற்றொரு பிரிவு. ஊரக வீட்டுவசதித் திட்டத்தை முழுக்கப் பெண்களுக்கானது என்ற பிரிவில் வைத்தார்கள். கணவன் மனைவி இருவர் பெயரிலும் வீடு பதிவாகலாம் என்றிருக்கும்போது மொத்தத் தொகையையும் பெண் கணக்கில் எழுதியதைப் பொருளாதார அறிஞர்கள் பல ஆண்டுகளாகக் கேள்வி கேட்டு வருகிறார்கள்.

கேரளம் தன் தவறுகளிலிருந்து சில படிகள் ஏறியது. ஒவ்வொரு திட்ட அறிக்கையிலும், அந்தத் திட்டத்தால் பெண்களுக்கு என்ன விளைவு என்று ஒரு பகுதி எழுத வேண்டும் என்று வைத்தார்கள். (அதைப் "பெண்களும் பயனடைவர்" என்ற ஒற்றை வரியில் முடித்துவிடும் ஆபத்து எப்போதும் உண்டு.) 1998இல் வந்த குடும்பஸ்ரீயின் அக்கம்பக்கக் குழுக்கள், கிராம சபைக்குப் பெண்களைக் கூட்டமாக அழைத்து வந்தன. வீட்டிலும் வெளியிலும் நடக்கும் கொடுமைகளைப் பற்றி முறையிட ஊராட்சி அளவில் ஜாக்ரதா சமிதிகள் உருவாயின, அவற்றுக்கும் இந்த நிதி பயன்பட்டது. பிறகு பல ஊராட்சிகள் தம் ஊர்ப் பெண்களின் நிலை பற்றித் தாங்களே ஆய்வு நடத்தின. நிலம் யார் பெயரில் இருக்கிறது, எந்த வேலைக்கு என்ன கூலி, எந்த இடம் பயமான இடம் என்று தெரிந்த பிறகு திட்டம் போடுவது, மிஷின் வாங்கிக் கொடுத்துவிட்டுக் காரணம் தேடுவதைவிட மேல்.

இதெல்லாம் பத்து சதவீதத்தின் கதை. பாலின பட்ஜெட்டின் உண்மையான வேலை மீதித் தொண்ணூறில்தான் இருக்கிறது. சாலை, விளக்கு, சாக்கடை, பேருந்து நிலையம் என்று எல்லோருக்குமானவையாகத் தெரியும் செலவுகளைப் பிரித்துப் பார்ப்பதுதான் அந்த வேலை.

இதற்கு ஸ்வீடனில் உள்ள கார்ல்ஸ்கோகா என்ற சிறு நகரம் நல்ல சாட்சி. 2011 வாக்கில் அந்த நகராட்சி தன் எல்லா வேலைகளையும் ஆண், பெண் பார்வையில் ஆராயத் தொடங்கியது. பனி அள்ளுவதிலாவது இந்தப் பாலின விவகாரம் தலையிடாது என்று அங்கே ஒருவர் கிண்டலாகச் சொன்னதாகப் பேச்சு. அதையே எடுத்துப் பார்த்துவிட்டார்கள்.

அதுவரை இருந்த வரிசை இதுதான்: முதலில் பெரிய சாலைகள், கடைசியில் நடைபாதையும் சைக்கிள் பாதையும். யாரும் பெண்களை ஒதுக்க நினைத்துப் போட்ட வரிசை அல்ல அது. ஆனால் யார் எப்படிப் பயணம் செய்கிறார்கள் என்ற கணக்கை வைத்துப் பார்த்தால் விஷயம் வேறு. ஆண்கள் பெரும்பாலும் காரில் நேராக வேலைக்குப் போய்த் திரும்பினார்கள். பெண்களோ அதிகமாக நடந்தும் பேருந்திலும் போனார்கள். அதுவும் ஒரே வழியாக அல்ல: குழந்தையைப் பள்ளியில் விட்டு, வேலைக்குப் போய், திரும்பும்போது கடைக்கும் முதியவர் வீட்டுக்கும் போய்வரும் சுற்றுப்பயணம். வழுக்கி விழுந்து மருத்துவமனைக்கு வந்தவர்களின் பதிவுகள் இதை உறுதிசெய்தன. வடக்கு ஸ்வீடனின் தரவுகளில் வழுக்கும் சாலையால் காயம்பட்ட பாதசாரிகள் வாகன ஓட்டிகளைப்போல் மூன்று மடங்கு, அந்தப் பாதசாரிகளில் பெரும்பான்மை பெண்கள்.

வரிசையைத் திருப்பிப் போட்டார்கள். நடைபாதை முதலில், பெரிய சாலை பிறகு. சில அங்குலப் பனியில் கார் ஓடிவிடும், குழந்தை வண்டியைத் தள்ள முடியாது என்பதுதான் அவர்களின் வாதம். அதே இயந்திரம், அதே வேலை, வரிசை மட்டும் வேறு என்பதால் இதற்குக் கூடுதல் பணம் தேவைப்படவில்லை. இந்த மாற்றத்தை வெறும் பட்ஜெட் தொகையைப் பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது, ஏனென்றால் தொகை மாறவே இல்லை. எல்லா இடத்திலும் எளிதாக முடிந்ததும் இல்லை. 2016 நவம்பரில் ஸ்டாக்ஹோமில் வரலாறு காணாத பனி கொட்டி நகரம் முடங்கியபோது, அங்கே பின்பற்றிய இதே முறையைக் கேலி செய்யாதவர்கள் குறைவு.

நம் பக்கத்தில் இதற்கு இணையான உதாரணம் பொதுக் கழிப்பறை. மும்பையில் 2011இல் பெண்கள் ஓர் இயக்கமாகத் திரண்டு இதைக் கேட்டார்கள்: ஆண் சிறுநீர் கழிக்கக் காசு வேண்டாம், அதே தேவைக்குப் பெண் மட்டும் ஏன் காசு கொடுக்க வேண்டும்? கட்டணம் இருக்கையுள்ள கழிப்பறைக்கு, ஆணுக்கு அது இல்லாமலே காரியம் முடிந்துவிடுகிறது. திட்ட வரைபடத்தில் இரு பக்கமும் சம சதுர அடி இருந்தாலும், ஒரே நேரத்தில் எத்தனை பேர் பயன்படுத்தலாம் என்று எண்ணினால் ஆண்கள் பக்கம் அதிகம். பெண்ணுக்குச் சற்று அதிக நேரமும் ஆகும். ஆகவே ஒரு கழிப்பறைச் செலவைச் சோதிக்கும்போது மதிப்பீட்டுத் தொகை, சதுர அடி இவற்றோடு நிற்காமல், இருக்கை எண்ணிக்கை, கட்டணப் பலகை, இரவு பூட்டும் நேரம், நாப்கின் போட இடம் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டில் உள்ளாட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு. கிராம சபை இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது அந்த ஆண்டின் வேலைப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். தெருவிளக்கு என்று இருந்தால் எந்தத் தெருவில், எத்தனையாவதாக என்று கேளுங்கள். மெயின் ரோட்டில் இருபது விளக்கு போட்டுவிட்டு, தண்ணீர்க் குழாய்க்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் போகும் சந்து இருட்டாகவே விடப்பட்டிருந்தால், வரிசையை மாற்றச் சொல்லித் தீர்மானப் புத்தகத்தில் எழுதவையுங்கள்.