அத்தைக்கு ஒரு வாட்ஸ்அப்

“ஹாய் அத்தை. வைகாசி 28 எங்களுக்கு செட் ஆகாது. எங்க அண்ணனுக்கு லீவு கிடைக்கல. ஆனி மாசம் பாத்துக்கலாம். மாமாகிட்ட சொல்லிடுங்க. தேங்க்ஸ்.”

இப்படித் தட்டி வைத்துக்கொண்டு, அனுப்பலாமா என்று என்னிடம் காட்டினாள் தோழி ஒருத்தி. பெங்களூரில் இருக்கிறாள். மாமனார் மாமியார் கும்பகோணத்துப் பக்கம் ஒரு கிராமத்தில். பேத்திக்கு 11-வது மாதம் பிறக்கிறது என்றதும் மாமனார் குலதெய்வக் கோயில் பூசாரியைப் பார்த்து, மொட்டைக்கும் காதுகுத்துக்கும் தேதி குறித்துவிட்டு வந்துவிட்டார். துபாயில் வேலை பார்க்கும் இவளுடைய அண்ணனோ ஆனி முதல் வாரத்தில்தான் ஊருக்கு வர முடியும். தாய்மாமன் மடி இல்லாமல் காதுகுத்து கிடையாது என்பது இரண்டு வீட்டுக்கும் தெரிந்த சங்கதி. ஒரு வாரம் தள்ளிவைத்தால் போதும். காரணம் நியாயமானது. செய்திதான் வில்லங்கம்.

மரியாதைக் குறைவான சொல் இதில் ஒன்றும் இல்லை. ‘சொல்லிடுங்க’ என்று ‘ங்க’ கூடப் போட்டிருக்கிறாள். ஆனாலும் படிக்கும்போது முகத்தில் அடிக்கிறது. ‘செட் ஆகாது’ என்பது முடிந்த பேச்சு. ‘பாத்துக்கலாம்’ என்பதில் புதிய முடிவையும் இவளே எடுத்துவிட்டாள். ‘எங்களுக்கு’ என்றதும் மாமியார் வேலிக்கு அந்தப் பக்கம் போய்விடுகிறார். எல்லாவற்றுக்கும் மேல், வெயிலில் கோயில்வரை போய்த் தேதி குறித்தவர் மாமனார். அது ரத்தான விவரம் அவருக்கு மனைவி வாயால், அதுவும் செய்தியாக வந்து சேரப்போகிறது.

இதைச் சொன்னதும் அவள் திருத்தி எழுதியது அடுத்த கோடிக்குப் போய்விட்டது. “மதிப்பிற்குரிய அத்தை மாமா அவர்களுக்கு வணக்கம். தாங்கள் குறித்த தேதியில் என் அண்ணனால் கலந்துகொள்ள இயலாது என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். தங்கள் மேலான முடிவை எதிர்பார்க்கிறேன்.” கூட்டுறவுச் சங்கப் பொதுக்குழு அறிவிப்பு மாதிரி இருந்தது. நேற்றுவரை “அத்தை, ரசத்துக்குப் புளி எவ்வளவு போடணும்?” என்று கேட்டுக்கொண்டிருந்த பெண்ணிடமிருந்து ‘தாங்கள்’ வந்தால், மரியாதை கூடிவிட்டது என்று எந்த மாமியாரும் நினைக்க மாட்டார். என்ன கோபமோ என்றுதான் நினைப்பார்.

மூன்றாவது முயற்சியில் ‘என் செல்ல அத்தை’, நாலு இதயப் பொம்மை, ‘உங்கள மாதிரி மாமியார் யாருக்குக் கிடைப்பாங்க’ என்று மூன்று வரி, கடைசியில் ‘அப்புறம் ஒரு சின்ன விஷயம்’. இத்தனை ஐஸ் வைத்தால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று அவருக்குத் தெரியாதா? அவரும் ஒரு காலத்தில் மருமகளாக இருந்தவர்தானே.

மூன்றும் தவறிய இடம் ஒன்றுதான். மரியாதையும் பாசமும் தராசின் இரண்டு தட்டு, ஒன்றில் கூட்டினால் இன்னொன்றில் குறைக்க வேண்டும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். பேச்சுத் தமிழில் இரண்டும் வேறுவேறு இடத்தில் உட்கார்கின்றன. மரியாதை வினைமுற்றில் இருக்கிறது: சொல்லுங்க, வர்றீங்களா, பாக்கலாமா. அதை அங்கே வைத்துவிட்டால் மற்றச் சொற்களுக்கு முழு விடுதலை. ‘மதிப்பிற்குரிய’வும் வேண்டாம், ‘அவர்கள்’உம் வேண்டாம். பாசம் சொல்லப்படும் விஷயத்தில் இருக்க வேண்டும், அடைமொழியில் அல்ல.

இந்தச் சிக்கல் மருமகளுக்கு அதிகமாக வருவதற்கு ஒரு காரணம் உண்டு. பல வீடுகளில் பெற்ற தாயை ‘நீ’ என்றுதான் கூப்பிடுகிறோம். “அம்மா, நீ சாப்பிட்டியா?” என்ற அந்த ‘நீ’யிலேயே பாசம் வந்துவிடுகிறது, தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. மாமியாரிடம் அந்த வழி அடைத்திருக்கிறது. ‘அம்மா’ என்றே அழைத்தாலும் ‘அம்மா, நீங்க’ என்றுதான் வரும். எனவே பாசத்துக்கு வேறு வாசல் தேட வேண்டியிருக்கிறது. சொந்தத்தில் கல்யாணம் என்றால் கதை வேறு: அப்பாவின் கூடப்பிறந்த அத்தையே மாமியாராக வரும்போது, பழைய ‘நீ’யை விடுவதா வைத்துக்கொள்வதா என்று குழம்பிய பெண்கள் உண்டு. கொங்குப் பக்கம் குழந்தையைக்கூட ‘வாங்க, சாப்பிடுங்க’ என்று சொல்லும் வீடுகள் இருப்பதால் அங்கே ‘ங்க’வுக்குத் தனி இடைவெளி எதுவும் கிடையாது. யாழ்ப்பாணத்துக்காரர்களுக்கு அத்தை அல்ல, மாமி. அந்தந்த வீட்டு வழக்கம் எதுவோ அதையே எழுத்திலும் வைத்துக்கொள்ள வேண்டும். நேரில் ‘அத்தை’ என்று அழைத்துவிட்டு, செய்தியில் மட்டும் ‘அம்மா’ என்று பதவி உயர்வு கொடுத்தால் கண்ணில் உறுத்தும்.

இனி தோழியின் செய்திக்கு வருவோம். முதலில் யாருக்கு எழுதுவது? குடும்பக் குழுவில் போடக் கூடாது. மாமனார் குறித்த தேதியை நாத்தனார், ஓரகத்தி, சித்தப்பா எல்லோரும் பார்க்கும் இடத்தில் மாற்றச் சொன்னால், அவருக்கு மனதுக்குள் சம்மதம் இருந்தாலும் விட்டுக்கொடுக்க இடமில்லாமல் போகும். மாமியாருக்குத் தனியாக, ஆனால் மாமனாருக்கும் சேர்த்து எழுத வேண்டும். “மாமாகிட்ட சொல்லிடுங்க” என்பதை “நீங்களும் மாமாவும் பேசிட்டுச் சொல்லுங்க” என்று மாற்றினோம். முன்னதில் அவர் தூது போகிறவர். பின்னதில் அவர்கள் இருவரும் முடிவெடுப்பவர்கள்.

அடுத்தது ‘எங்க அண்ணன்’. இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசித்தோம். பிறந்த வீட்டுக்காரரால் புகுந்த வீட்டு ஏற்பாடு தள்ளிப்போகிறது என்பதுதான் செய்தியின் சாரம். அதை ‘எங்க அண்ணனுக்கு லீவு இல்ல’ என்று சொன்னால் இரண்டு வீட்டுக்கும் நடுவில் கயிறு இழுப்பதாகிவிடும். ‘பாப்பாவோட மாமா’ என்றால் அதே ஆள், ஆனால் இப்போது அவர்களுடைய பேத்திக்கு உறவு. பொய் இல்லை, ஜோடனை இல்லை. யார் பக்கமிருந்து உறவைச் சொல்வது என்பதுதான் வித்தியாசம். ‘எங்களுக்கு’ என்பதும் இதே போலத்தான். ‘நாங்க’ எதிரில் இருப்பவரை வெளியே நிறுத்தும். ‘நாம’ உள்ளே இழுத்துக்கொள்ளும். காதுகுத்து எல்லோருக்கும் பொதுவான காரியம், அதனால் இங்கே ‘நாம’ பொருந்தும். எல்லா இடத்திலும் பொருந்தாது. தன் சம்பளத்தில் வாங்கும் வீட்டைப் பற்றி ‘நம்ம வீட்டுக்கு லோன் போட்டிருக்கோம்’ என்று எழுதினால், நாளைக்கு அந்த ‘நம்ம’வை யாராவது நிஜமென்றே எடுத்துக்கொள்ளலாம்.

பிறகு கேள்வி. ‘பாத்துக்கலாம்’ என்பதை ‘வச்சுக்கலாமா?’ என்று திருத்தச் சொன்னபோது அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது: “வேண்டாம்னு சொல்லிட்டா?” சொல்லலாம்தான். அந்த வாய்ப்பு இல்லாத இடத்தில் ‘ஆ’ போட்டுக் கேட்பது நாடகம், பெரியவர்கள் அதை மோப்பம் பிடித்துவிடுவார்கள். நிச்சயமாக முடியாது என்றால் முடியாது என்பதையே மென்மையாகச் சொல்லிவிடுவது மேல். இங்கே உண்மையிலேயே கேட்க இடம் இருந்தது. பாப்பாவுக்கு 11-வது மாதம் ஆனி 19 வரை இருக்கிறது. ஒற்றைப்படை மாதம் என்ற கணக்கும் கெடாது, ஆடியும் பிறந்துவிடாது. இந்த விவரத்தைச் செய்தியில் வைத்ததே பாதி மரியாதை. மாமனார் எதையெல்லாம் பார்த்துத் தேதி குறித்திருப்பார் என்பதை இவளும் யோசித்திருக்கிறாள் என்று தெரிகிறதே.

கடைசியில் பாசம். அதைக் கோரிக்கைக்கு முன்னால் வைத்தால் லஞ்சம் மாதிரி ஆகிவிடும். காரியம் முடிந்தபின், அதற்குச் சம்பந்தமே இல்லாமல் வர வேண்டும். அவளுக்குத் தோன்றியது, பாப்பா சோபாவைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்க ஆரம்பித்திருப்பது. தாத்தா குரலைப் போனில் கேட்டால் கதவுப் பக்கம் திரும்பிப் பார்க்கிறாளாம். இதைவிட வேறு என்ன வேண்டும்?

அனுப்பிய செய்தி இது:

“அத்தை, மாமா கோயிலுக்குப் போய் நாள் பாத்துட்டு வந்தாங்கன்னு இவர் சொன்னார். பாப்பாவோட மாமாவுக்கு ஆனி முதல் வாரம்தான் லீவு கிடைக்குதாம். மடியில உக்கார வைக்க அவர் இல்லாம எப்படின்னு யோசனையா இருக்கு. 11-வது மாசம் ஆனி 19 வரைக்கும் இருக்கு. அதுக்குள்ள நாம வேற நாள் வச்சுக்கலாமா? பூசாரிகிட்ட மறுபடி கேக்கணும்னா மாமாவுக்கு அலைச்சல்தான், அதான் தயக்கமா இருக்கு. நீங்களும் மாமாவும் பேசிட்டுச் சொல்லுங்க. பாப்பா நேத்து சோபாவைப் பிடிச்சுட்டு நின்னா. மாமா குரல் போன்ல கேட்டா கதவையே பாக்குறா.”

‘மன்னிக்கணும்’ இல்லை, ‘தேங்க்ஸ்’ இல்லை. வருத்தம் ‘அலைச்சல்தான்’ என்பதற்குள்ளேயே இருக்கிறது. நம் வீடுகளில் நன்றி சொன்னால் அந்நியமாக எடுத்துக்கொள்ளும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரு சின்னக் கவனிப்பு: கணவரை ‘உங்க பையன்’ என்று எழுதாமல் ‘இவர்’ என்றே விட்டோம். ‘உங்க பையன்’ என்றதும் ஏதோ புகார் வரப்போகிறது என்று காது நிமிர்ந்துவிடும்.

மாப்பிள்ளைகளுக்குத் தலைகீழான பிரச்சினை. மாமனாரே ‘வாங்க மாப்பிள்ளை’ என்று மரியாதை கொடுத்துப் பேசுவதால், இவர்கள் எழுதுவது ‘ஓகே மாமா’, ‘ம்’, ஒரு கட்டைவிரல் என்று சுருங்கிப்போகிறது. ‘பார்சல் வந்துருச்சு’ என்று அனுப்புகிறவர், ‘முறுக்கு வந்துருச்சு மாமா, பாதி ஆபீஸ்லயே காலி. உங்க முட்டிவலி எப்படி இருக்கு?’ என்று இரண்டு வாக்கியம் கூட்டினால் போதும். அவரிடம் குறைவது மரியாதை அல்ல, நீளம்.

பதிலைப் படிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். “சரிம்மா, மாமாவைக் கேட்டுச் சொல்றேன்” என்று வந்தால் கவலையில்லை. எப்போதும் ‘நீ’ என்று பேசுகிறவர் திடீரென்று “உங்க இஷ்டப்படி செய்யுங்க” என்று பன்மைக்கு மாறினால் மனதில் பட்டுவிட்டது என்று அர்த்தம். முற்றுப்புள்ளியோடு ஒற்றை “சரி.” வந்தாலும் அப்படித்தான், ஆனால் குரலில் சொல்லித் தட்டச்சு செய்கிறவர்களிடம் இதை வைத்து முடிவுகட்ட வேண்டாம். அந்த நிலைமையில் விளக்கம் சொல்லி இன்னொரு செய்தி அனுப்பினால் இன்னும் மோசமாகும். போன் போட வேண்டும், அதையும் மகன் போட வேண்டும். எடுத்ததும் தேதியைப் பேசாமல், “அப்பா கோயிலுக்கு பஸ்லயா போனாரு, வெயில் எப்படி இருந்துச்சு?” என்று ஆரம்பிக்கலாம்.