அப்டேட் கேட்பது யார்?

2024 ஏப்ரலில் த்ரெட்ஃபேப்ரிக் என்ற நெதர்லாந்துப் பாதுகாப்பு நிறுவனம் ஒரு போலி இணையப் பக்கத்தைக் கண்டுபிடித்தது. குரோம் பிரவுசரை அப்டேட் செய்யச் சொல்லும் பக்கம் அது. அசல் பக்கத்தைப் போலவே இருந்தது. அதை நம்பி டவுன்லோடு செய்தவர்களின் ஆண்ட்ராய்டு போனில் வந்து உட்கார்ந்தது, வங்கிக் கணக்கைக் குறிவைக்கும் ப்ரோக்வெல் என்ற வைரஸ்.

எழுத்துப் பிழை இருந்தால் போலி என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அந்தக் காலம் மலையேறிவிட்டது. பார்க்க வேண்டியது தோற்றத்தை அல்ல, அந்தச் செய்தி எங்கிருந்து வருகிறது என்பதை.

‘உங்கள் போன் பழசாகிவிட்டது’ என்று ஓர் இணையப் பக்கம் சொல்லும்போது கூடவே போனின் மாடல் பெயரும் இருக்கும். அதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மாடல் பெயரை இணையதளத்துக்குச் சொல்வது பெரும்பாலும் நம் பிரவுசரேதான். போனை அதிரவைக்கவும் இணையப் பக்கத்தால் முடியும். போனின் மென்பொருளை அப்டேட் செய்ய மட்டும் முடியாது.

நோட்டிபிகேஷனாக வருவது இன்னும் தந்திரமானது. எப்போதோ ஏதோ ஒரு தளத்தில் ‘Allow’ தொட்டிருப்போம். பிறகு அந்தத் தளம், ‘சிஸ்டம் அப்டேட்’ என்ற தலைப்போடு மேல்பட்டியில் செய்தி அனுப்பும். அதை விரலால் சற்று நேரம் அழுத்திப் பிடியுங்கள். அனுப்பியது குரோம் என்றும், எந்தத் தளம் என்றும் தெரிந்துவிடும். அங்கேயே அதை நிறுத்தியும் விடலாம்.

சந்தேகம் வந்தால் பாப்-அப்பில் உள்ள எதையும், மூடும் பெருக்கல் குறியைக்கூடத் தொட வேண்டாம். அதுவும் படமாக இருக்கலாம். ஹோம் திரைக்குப் போய், நீங்களாகவே Settings திறந்து Software update பகுதியைப் பாருங்கள். சில போன்களில் அது System என்பதற்குள் இருக்கும். குரோம் போன்ற செயலி என்றால் பிளே ஸ்டோரில் தேடுங்கள்; அப்டேட் இருந்தால் Update பொத்தான் அங்கே நிற்கும். ஐபோனில் Settings, General, Software Update என்று போக வேண்டும்.

தொட்டே விட்டாலும் இன்னும் இரண்டு வாசல்கள் இருக்கின்றன. டவுன்லோடு ஆவது .apk என்று முடியும் கோப்பு. அதை நிறுவ, ‘Allow from this source’ என்று ஆண்ட்ராய்டு அனுமதி கேட்கும். போனின் சொந்த அப்டேட்டுக்கு இந்த அனுமதி தேவையே இல்லை. இங்கே நின்றுவிட்டு, கோப்பை அழித்தால் பெரும்பாலும் தப்பிவிடலாம். அடுத்த வாசல் Accessibility அனுமதி. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு உதவ வந்த வசதி இது. திரையில் இருப்பதைப் படிக்கவும், நமக்குப் பதிலாகத் தொடவும் செயலிக்கு உரிமை தருகிறது. ப்ரோக்வெல் கேட்டதும் இதைத்தான்.

அதையும் கொடுத்துவிட்டால் முதலில் ஏரோபிளேன் மோடு போட்டு, வைஃபையும் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். வேறு போனிலிருந்து வங்கியை அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே பேசுங்கள். போனை ஃபேக்டரி ரீசெட் செய்வது அதற்குப் பிறகு.